கலைத்திட்ட நோக்கமும் வகுப்பறையும்: ஓர் உப்புப் பாடத்தை வைத்து

கேள்வி: பி.எட். படிக்கிறேன். ‘அறிவும் கலைத்திட்டமும்’ தாளுக்கு ஒப்படைப்பு. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 சொல்லும் ஐந்து நோக்கங்களை, நான் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் நடப்பதோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும். பள்ளி கடலாடி வட்டத்துக் கடலோரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நோக்கமாக எழுதி, ‘இது வகுப்பறையில் நடைபெறவில்லை’ என்று முடிக்கத்தான் வருகிறது. இதை ஆய்வாக எழுதுவது எப்படி?

பதில்:

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் ஐந்து நோக்கங்கள் என்று சொல்பவற்றை அந்த ஆவணம் வழிகாட்டு நெறிகள் என்றுதான் சொல்கிறது. அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைப்பது, கற்றலை மனப்பாடத்திலிருந்து விலக்குவது, பாடநூலோடு நின்றுவிடாமல் பிள்ளையின் முழு வளர்ச்சிக்கு இடம் தருவது, தேர்வை நெகிழ்வாக்கி வகுப்பறை வாழ்வோடு சேர்ப்பது, மக்களாட்சி அமைப்புக்குள் அக்கறையுள்ள ஓர் அடையாளத்தை வளர்ப்பது: இவை நெறிகள். கல்வியின் நோக்கங்கள் முதல் அத்தியாயத்தில் தனியாக வருகின்றன. சுயமாகச் சிந்திப்பது, பிறர் நலனில் அக்கறை கொள்வது, புதிய சூழலுக்கு ஏற்ப நடந்துகொள்வது போன்றவை அங்கே இருக்கின்றன. நோக்கம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம், நெறி என்பது போகும் விதம். வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்கக்கூடியது பெரும்பாலும் விதம்தான். அதனால் நெறிகளை எடுத்துக்கொண்டது சரியான தேர்வு. அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள், திருத்துகிறவர் கவனிப்பார்.

ஐந்தையும் எடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்தும் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்தான் கிடைக்கும், அந்த ஒரு பக்கத்தில் ‘நடைபெறவில்லை’ என்பதைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது. உங்கள் பள்ளி இருக்கும் கரைக்கு முதல் நெறிதான் பொருத்தம். வாழ்க்கையோடு இணைத்தல். சுற்றிலும் உப்பளமும் கடலும் இருக்கிற ஊரில் அறிவியல் பாடம் எதோடு இணைகிறது என்பதை நேரில் பார்க்கலாம்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, ‘இணைத்தல்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பது. பெரும்பாலான ஒப்படைப்புகள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. அந்தச் சொல்லை மூன்று விதமாகப் படிக்க முடியும். ஒருவர், பாடத்தைச் சொல்லிவிட்டு ஊரிலிருந்து ஓர் உதாரணம் கொடுப்பதே இணைத்தல் என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர், பிள்ளையின் அனுபவத்திலிருந்து தொடங்கிப் பாடத்துக்குப் போவது என்று எடுத்துக்கொள்வார். மூன்றாவது வாசிப்பு கொஞ்சம் கனமானது. பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று, வகுப்பறையில் சொல்லப்படும் அறிவைத் திருத்தவோ விரிக்கவோ முடிய வேண்டும் என்பது. ஆவணம் எந்த வாசிப்பின் பக்கம் நிற்கிறது? இரண்டாம் அத்தியாயத்தில் பிள்ளைகளின் அறிவு, உள்ளூர் அறிவு பற்றிய பகுதியைப் படியுங்கள். பிள்ளையின் சமூகமும் சுற்றுப்புறமும்தான் கற்றல் நிகழும் முதன்மைச் சூழல், அறிவு பொருள் பெறுவதும் அங்கேதான் என்ற கருத்து அதில் வருகிறது. அதாவது உதாரணம் கொடுப்பதோடு நிற்கவில்லை, மூன்றாவது வாசிப்பை நோக்கி நகர்கிறது. அதே பகுதி, உள்ளூர் அறிவு எல்லாவற்றையும் அப்படியே ஏற்கச் சொல்லவில்லை, அரசமைப்பின் விழுமியங்கள் வழியாக அதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. சாதியும் பால் வேற்றுமையும்கூட உள்ளூரில் ‘அறிவாக’ உலவக்கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை தேவை. ஆனால் ஒரு பிள்ளை எழுந்து எதையோ சொன்ன அந்த நொடியில், ஓர் ஆசிரியர் இதை எப்படி முடிவு செய்வார் என்பதற்கு அங்கே வழி இல்லை. இதையும் உங்கள் ஆய்வில் எழுத வேண்டும். ஏட்டுக்கும் வகுப்பறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியின் ஒரு பகுதி ஏட்டிலேயே தொடங்குகிறது.

இப்போது ஒரு வகுப்பைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி மாணவர்களைப் பார்வையிடப் போன இடத்தில், கடலோர நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது. ஆறாம் வகுப்பு அறிவியல், முதல் பருவம், கலவைகளைப் பிரித்தல். வகுப்பெடுத்தவர் அந்தப் பள்ளியின் ஆசிரியை. உள்மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்தவர், அக்கறையாகப் பாடம் நடத்துபவர். வடிகட்டல், தெளியவைத்து இறுத்தல் எல்லாம் முடிந்து ஆவியாதலுக்கு வந்தார். “கடல் தண்ணியிலிருந்து உப்பு எப்படி எடுக்கிறோம்?” என்று கேட்டார். வகுப்பு முழுக்க ஒரே குரலில் “ஆவியாதல்” என்றது. இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், கடைசித் தண்ணிய வடிச்சு விட்டுரணும். இல்லன்னா உப்பு கசக்கும்.” ஆசிரியை “சரி, சரி, உட்காரு” என்று சொல்லிவிட்டு, “ஆவியாதல், எல்லாரும் சொல்லுங்க” என்றார். எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பெண் எழுந்ததிலிருந்து உட்கார்ந்தது வரை பத்து நொடிகூட ஆகியிருக்காது.

அந்தப் பத்து நொடிக்குள் உங்கள் ஒப்படைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏன் என்றால், அவள் சொன்னது சரி. அதுவும் பாடத்தில் இருந்ததைவிட ஒரு படி மேலே சரி.

உப்பு விளைவதைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவுதான். மீதியில் மக்னீசிய உப்புகளும் கால்சியம் சல்பேட்டும் மற்றவையும் இருக்கின்றன. வெயிலில் நீர் சுண்டச் சுண்ட இவை ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் சல்பேட் படிகிறது. அதைத்தான் ஜிப்சம் என்கிறோம். நீரின் அடர்த்தி பாமே அளவில் 25 டிகிரியை ஒட்டி வரும்போது சோடியம் குளோரைடு படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகளும் கூடவே வர ஆரம்பிக்கும். அவை கசக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பை நசநசக்க வைக்கும். அதனால்தான் உப்பளத்தில் நீரை ஒரே பாத்தியில் விட்டு வற்ற வைப்பதில்லை. ஒரு பகுதியில் சுண்டவிட்டு, ஜிப்சம் கழிந்த பிறகு அடுத்த பாத்திக்கு மாற்றி, உப்பு விளைந்ததும் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் அரசின் தமிழ்நாடு உப்புக் கழகத்துக்கே பெரிய உப்பளம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகளின் அம்மாக்களும் அக்காக்களும் பாத்தியில் நிற்பவர்கள். அந்தப் பெண்ணுக்கு இது வீட்டில் தெரிந்த விஷயம்.

‘ஆவியாதல்’ என்ற ஒரு சொல் பதில் கரைந்ததை எல்லாம் ஒட்டுமொத்தமாக எடுக்கும் வழி. அவள் சொன்னது, கரைந்தவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் வழி. அன்றைய பாடத்தின் தலைப்பு கலவைகளைப் பிரித்தல். அப்படியென்றால் தலைப்புக்கு நெருக்கமாக நின்றது யார் என்று பாருங்கள்.

சரி, இதை எப்படிப் பதிவு செய்வது? உங்கள் கல்லூரியில் பிளாண்டர்ஸ் வகுப்பறை இடைவினைப் பகுப்பாய்வு சொல்லித் தந்திருப்பார்கள். மூன்று நொடிக்கு ஒருமுறை என்ன நடக்கிறது என்று பத்து வகைகளில் ஒன்றைக் குறிப்பது. 40 நிமிட வகுப்புக்கு 800 குறிகள் வரும். ஆசிரியர் பேச்சு எத்தனை சதவீதம், மாணவர் பேச்சு எத்தனை சதவீதம் என்று கணக்கு அழகாகக் கிடைக்கும். ஆனால் நான் சொன்ன அந்தத் தருணம் அதில் எப்படி விழும்? அந்தப் பெண்ணின் பேச்சு ஒன்பதாம் வகை, மாணவர் தாமாகத் தொடங்கும் பேச்சு. ஆசிரியையின் “சரி, சரி” இரண்டாவது வகையிலோ மூன்றாவது வகையிலோ போய் உட்காரும். அதாவது ஊக்குவித்தல், அல்லது மாணவர் கருத்தை ஏற்றல். புதிதாகக் குறிப்பெடுப்பவர் கட்டாயம் அப்படித்தான் போடுவார். கணக்கில் அது நல்ல வகுப்பாகத் தெரியும். பேச்சு யாருடையது என்று அந்தக் கருவி எண்ணும். பேசப்பட்ட அறிவுக்கு என்ன ஆனது என்று எண்ணாது. ஆகவே அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

அதோடு சேர்த்து, பிள்ளைகள் வெளி வாழ்க்கையிலிருந்து எதையாவது கொண்டுவந்த ஒவ்வொரு தருணத்தையும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். பிள்ளை சொன்னது, ஆசிரியர் சொன்னது, அதற்கடுத்த வாக்கியம் எங்கே போனது, இந்த மூன்றும் வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். அடுத்த வாக்கியம் பிள்ளை சொன்னதைத் தொட்டுப் போனால் அது ஏற்கப்பட்டது. தொடாமல் பழைய இடத்துக்கே திரும்பினால், நடுவில் எத்தனை ‘சரி’ இருந்தாலும் அது ஏற்கப்படவில்லை. ஒரு வகுப்பில் இப்படி மூன்று நான்கு தருணம் கிடைத்தாலே அதிகம். ஒன்றுகூட இல்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான், ஆனால் அதை ஒரு வகுப்பை வைத்து எழுதாதீர்கள். ஒரே ஆசிரியரின் மூன்று வகுப்புகளாவது பாருங்கள். முதல் வகுப்பில் நீங்கள் உட்கார்ந்திருப்பதே பாடம் நடக்கும் விதத்தை மாற்றிவிடும்.

அப்புறம் காரணம். இங்கேதான் ‘ஆசிரியர்கள் முயற்சி எடுப்பதில்லை’ என்ற வாக்கியம் கை தானாக எழுதும். எழுதாதீர்கள். ஜான் குட்லேட் கலைத்திட்டத்தைப் பல தளங்களாகப் பிரித்துக் காட்டினார். ஏட்டில் எழுதப்பட்டது, ஆசிரியர் புரிந்துகொண்டது, வகுப்பில் நடந்தது, பிள்ளை அனுபவித்தது என்று அவை வெவ்வேறாக இருக்கின்றன. நம் மாநிலத்தில் நடுவில் இன்னொரு படியும் இருக்கிறது. தேசிய ஆவணம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. தமிழ்நாட்டுக்குத் தனிக் கலைத்திட்டம், தனிப் பாடநூல். 2018 தொடங்கி வந்த புதிய பாடநூல்கள் மாநிலம் வகுத்த கலைத்திட்டத்தின்படி எழுதப்பட்டவை. ஆகவே தேசிய ஆவணத்தை எடுத்து நேராக அந்த ஆசிரியையின் தலையில் வைத்து அளப்பது நியாயம் இல்லை. அவர் அந்த ஆவணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே இருக்கமாட்டார். இடையில் மாநிலப் பாடநூலின் அந்தப் பாடத்தை வைத்து, அதில் ஊர் வாழ்க்கை எந்த வடிவில் வருகிறது என்று பார்க்க வேண்டும். உதாரணமாக மட்டும் வருகிறதா, கேள்வியாக வருகிறதா, பிள்ளை போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டியதாக வருகிறதா? (சில பேர் 2023 தேசிய வடிவமைப்பை எடுத்து எழுதுகிறார்கள். அது 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டியது, தமிழ்நாடு ஏற்காதது. உங்கள் பள்ளிப் பாடநூல் அதிலிருந்து வரவில்லை. ஒப்பிட நடுவில் பாலமே இருக்காது.)

அந்த ஆசிரியையிடம் வகுப்பு முடிந்து மரத்தடியில் பேசினேன். “தேசியக் கலைத்திட்டத்தைப் பின்பற்றுகிறீர்களா?” என்று கேட்டிருந்தால் “ஆமாம்” என்பார், பேச்சு முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக அந்தத் தருணத்தை மட்டும் நினைவூட்டிக் கேட்டேன். “அந்தப் பொண்ணு கசக்கும்னு சொன்னப்போ உங்களுக்கு என்ன தோணிச்சு?” கொஞ்சம் யோசித்தார். “அவ சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல சார். எங்க ஊர்ல உப்பளம் கிடையாது. அதோட பரீட்சையில இத எழுதினா குழப்பமாயிரும். கோடிட்ட இடத்துல ஆவியாதல்னு எழுதினாத்தான் மார்க்கு” என்றார்.

இரண்டு தனித்தனிக் காரணங்கள் இதில் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒன்று, அவருக்கு விஷயம் தெரியவில்லை. இன்னொன்று, தெரிந்திருந்தாலும் தேர்வு அதற்கு இடம் தரவில்லை. எது எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேர்வுக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் அதே ஆசிரியரைப் பாருங்கள். வளரறி மதிப்பீட்டில் (அ) பகுதிக்கு 20 மதிப்பெண் செயல்பாட்டுக்குத்தான் இருக்கிறது. அங்கே எழுத்துத் தேர்வின் நெருக்கடி இல்லை, என்ன செயல்பாடு என்பதையும் பெருமளவு ஆசிரியர் தீர்மானிக்கலாம். அந்தப் பள்ளியில் அந்தச் செயல்பாட்டுப் பதிவுகளை வாங்கிப் பார்த்தேன். ‘கடல் நீரிலிருந்து உப்பு’ என்று வண்ணப் படம் வரைந்து ஒட்டியிருந்தார்கள். சூரியன், கடல், பாத்தி, உப்புக் குவியல். பாத்தி ஒன்றே ஒன்று. வடித்துவிடும் வாய்க்கால் ஒரு படத்திலும் இல்லை. தேர்வு நெருக்காத இடத்திலும் பாடநூலின் படமே திரும்ப வந்திருக்கிறது என்றால், தேர்வை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஆசிரியருக்கு உள்ளூர்த் தொழில் தெரியாததும், தெரிந்தவர்களிடம் கேட்கப் பள்ளியில் ஒரு வழக்கம் இல்லாததும் கூடவே நிற்கின்றன. இப்படி ஒரு சான்றை வைத்து இன்னொரு காரணத்தைச் சோதிப்பதுதான் ஆய்வு என்பது.

மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம், அது கேட்டால் வராது. உப்பள வேலையை அந்தக் கரையில் எல்லாரும் மதிப்பான வேலையாகப் பார்ப்பதில்லை. காலில் புண், கண்ணில் எரிச்சல், வெயில். ‘படிச்சு இதுல இருந்து வெளிய போ’ என்றுதான் பெற்றோரே சொல்கிறார்கள். பள்ளியும் அதையே சொல்கிறது, அன்போடுதான். அப்படி இருக்கும்போது பாத்தியில் தெரிந்துகொண்டதை வகுப்பில் சொல்லப் பிள்ளைக்குக் கூச்சம் வரும். ஆறாம் வகுப்பில் எழுந்து சொன்ன பிள்ளை எட்டாம் வகுப்பில் சொல்கிறதா என்று பாருங்கள். வெவ்வேறு வகுப்புகளில் இத்தகைய பேச்சு குறைந்துகொண்டே போவதை நீங்களே கண்டால் எழுதலாம். காணாவிட்டால் எழுத வேண்டாம், இது என் ஊகமாகவே இருக்கட்டும்.

பலரும் விட்டுவிடும் இன்னொரு பகுதி இருக்கிறது. அந்த நெறி அந்தத் தருணத்தில் நிறைவேறியிருந்தால் வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று எழுதிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ‘இடைவெளி’ என்ற சொல்லுக்கு அளவே இல்லை. இந்தப் பாடத்துக்கு அது எளிது. ஒரு பாட்டிலில் கடல் நீர். இரண்டு அகலத் தட்டுகள். ஒன்றில் நீர் முழுவதும் வற்றும்வரை வெயிலில் விடுவது. இன்னொன்றில் உப்பு படிந்து அடியில் கொஞ்சம் நீர் மிஞ்சும்போதே அதை இறுத்துவிட்டு, உப்பைத் துணியில் வடிய வைத்துக் காயவைப்பது. ஓரிரு நாள் மூடாமல் வைத்தால் முதல் தட்டு உப்பு ஈரம் கோத்துக்கொள்ளும், இரண்டாவது அவ்வளவு கோக்காது. ருசி பார்க்க வேண்டியதே இல்லை, தொட்டுப் பார்த்தால் போதும். அந்தப் பெண்ணின் வாக்கியம் சோதனையாகிவிடுகிறது. முதல் பருவம் ஜூனில் தொடங்குகிறது, நம் பக்கம் மழை ஐப்பசியில்தான். ஆக உப்பளமும் அந்த மாதங்களில் ஓடிக்கொண்டிருக்கும். கூடுதல் செலவு இல்லை. தேவைப்படுவது ஒன்றிரண்டு வகுப்பு நேரமும், தெரியாததை ஆசிரியர் ‘பார்க்கலாமா?’ என்று சொல்லும் துணிவும். அந்த ஒன்றிரண்டு வகுப்பு நேரம் அவருக்கு உண்மையிலேயே இருந்ததா என்பதை அவருடைய கால அட்டவணையையும் பாடத்திட்டப் பதிவேட்டையும் பார்த்து எழுதுங்கள். அந்த ஆசிரியைக்கு அப்போது இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

எழுதும்போது எல்லையையும் சொல்லிவிடுங்கள். ஒரு பள்ளி, ஓர் ஆசிரியர், ஒரு பாடம். இதிலிருந்து ‘தமிழகப் பள்ளிகளில்’ என்று தொடங்கும் வாக்கியம் எதையும் எழுத முடியாது. ஆனால் ஒரு நெறி எந்தெந்தப் படிகளில் எப்படி உருமாறுகிறது என்று காட்ட முடியும், ஒப்படைப்பு கேட்பதும் அதைத்தான். பள்ளியின் பெயர், ஆசிரியர் பெயர், பிள்ளையின் பெயர் எதுவும் வேண்டாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். எழுதி முடித்ததும், வகுப்பை விவரிக்கும் பகுதியை அந்த ஆசிரியரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் மறுத்துச் சொல்வது எதுவானாலும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாகப் பிள்ளையின் நோட்டு. குட்லேட் சொன்ன தளங்களில் பிள்ளை அனுபவித்தது என்பதற்குச் சான்று கிடைப்பதுதான் கடினம், நோட்டில் கொஞ்சம் கிடைக்கும். நான் அந்தப் பெண்ணின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ‘கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் முறை ஆவியாதல்’ என்று வீட்டுப்பாடத்தில் எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் சரிக்குறி. கீழே ஓரத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு பாத்தி வரைந்து, அதன் மூலையிலிருந்து ஒரு கோடு வெளியே இழுத்திருந்தாள். அது என்ன என்று கேட்டேன். “தண்ணி போற வழி சார்” என்றாள்.